ஆய்வு முன்மொழிவைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு முன்மொழிவு எழுதி, "நோக்கம் தெளிவில்லை", "நடை சரியில்லை", "கோவையாக இல்லை" என்ற மூன்று குறிப்புகளோடு அது திரும்பி வந்தவர்களுக்காக இந்தப் பக்கம். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு வரைவை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே திருத்தலாம். அதன் தலைப்பு "சங்க இலக்கியத்தில் தோழி". இது நானே கட்டிய மாதிரி, யாருடைய வரைவும் இல்லை. ஆனால் இந்த வகையில் எழுதப்பட்ட வரைவுகளைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது.

திருத்தத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் பிழை திருத்திவிட்டு அப்புறம் அமைப்பைப் பார்க்கலாமா?

வேண்டாம். ஒற்றுப்பிழை, வாக்கியப்பிழை எல்லாவற்றையும் சீராக்கிய பிறகுதான் அந்தப் பத்தியே தேவையில்லை என்று தெரியும். அப்போது வெட்ட மனம் வராது, உழைத்துத் திருத்திய பத்தி அல்லவா. முதலில் ஆய்வுச் சிக்கல், அதிலிருந்து நோக்கங்கள், பிறகு பகுதிகளின் வரிசை, கடைசியில் நடை. "நடை சரியில்லை" என்று குறிப்பு வந்தாலும் இதே வரிசைதான், ஏனென்றால் நடை தளர்வதற்குப் பாதிக் காரணம் எழுதுபவருக்கே என்ன கேட்கிறோம் என்று தெளிவில்லாததுதான். சொல்ல விஷயம் குறையும் இடத்தில்தான் "ஈடு இணையற்ற", "தன்னிகரில்லா" எல்லாம் வந்து உட்காரும்.

"நோக்கம் தெளிவாக இல்லை" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார் நெறியாளர். ஐந்து நோக்கம் எழுதியிருக்கிறேனே, இதற்கு மேல் என்ன தெளிவு?

நம் மாதிரி வரைவிலும் ஐந்து இருக்கின்றன:

1. சங்க இலக்கியத்தின் பெருமையை எடுத்துரைத்தல்
2. தோழியின் சிறப்பை வெளிக்கொணர்தல்
3. அறத்தொடு நிற்றலைத் தொல்காப்பிய நோக்கில் ஆராய்தல்
4. அக்காலப் பெண்களின் நிலையை அறிதல்
5. இப்பாடல்கள் இன்றைய சமூகத்திற்குத் தரும் செய்தியை உணர்த்தல்

ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை முடிக்க எந்தப் பாடல்களைப் படிக்க வேண்டும்? முடிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? முதல் நோக்கத்துக்கு இரண்டுக்குமே பதில் இல்லை. பெருமையை எடுத்துரைப்பது எப்போது முடியும்? இரண்டாவதில் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது, தோழி சிறந்தவள் என்று தீர்மானித்த பிறகு ஆராய என்ன இருக்கிறது? நான்காவது தனியே ஒரு ஆய்வு, அதற்கு அகப்பாடல்கள் மட்டும் போதாது, அகப்பாடல்களை அப்படியே சமூகச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்பதே பெரிய விவாதம். ஐந்தாவது மேடைப் பேச்சுக்கு உரியது.

தப்பிப்பது மூன்றாவது மட்டும்தான், அதுவும் பாதி உயிரோடு. "ஆராய்தல்" என்ற சொல்லில் செயல் இல்லை. தொகுக்கப் போகிறீர்களா, வகைப்படுத்தப் போகிறீர்களா, இரண்டை ஒப்பிடப் போகிறீர்களா, ஒரு கருத்தைச் சோதிக்கப் போகிறீர்களா? "ஆராய்தல்", "வெளிக்கொணர்தல்", "எடுத்துரைத்தல்", "உணர்த்தல்" இந்த நான்கையும் நோக்கப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தால் எது நோக்கம், எது ஆசை என்று தெரிந்துவிடும்.

சரி, அந்த மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி மாற்றி எழுதுவது?

நோக்கத்தை நேராக எழுத உட்காராமல் முதலில் சிக்கலைத் தேடுங்கள். தோழி அறத்தொடு நிற்பது என்றால் தலைவியின் களவுக் காதலைச் செவிலிக்குக் குறிப்பாகவோ வெளிப்படையாகவோ தெரிவிப்பது. தொல்காப்பியப் பொருளியல் அதை ஏழு வகை என்கிறது: எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பும் கிளவி. இது தெரிந்த கதை. இப்போது குறுந்தொகை 23ஆம் பாடலை எடுங்கள், ஔவையார் பாடிய "அகவன் மகளே அகவன் மகளே". கட்டுவிச்சி குறி பார்க்க வந்திருக்கிறாள், செவிலியும் அங்கே இருக்கிறாள். தோழி கட்டுவிச்சியைப் பார்த்து, அவருடைய நல்ல நெடுங்குன்றத்தைப் பாடிய அந்தப் பாட்டையே இன்னும் பாடு என்கிறாள். அவ்வளவுதான். "அவர்" யார் என்று செவிலி யோசிக்க வேண்டும், அங்கேதான் வேலை நடக்கிறது.

இது ஏழில் எது? குன்றத்தைப் புகழ்வது தலைவனைப் புகழ்வதாகுமென்றால் ஏத்தல். ஒருவர் இருக்கிறார் என்ற உண்மையைக் கசியவிடுவதால் உண்மை செப்பல் என்றும் வாதிடலாம். இன்னொன்றும் இருக்கிறது: அவள் பேசுவது ஒருத்தியிடம், கேட்க வேண்டியவள் வேறொருத்தி. என்ன சொன்னாள் என்பதை வைத்துத்தான் ஏழு வகையும் பெரும்பாலும் பிரிகின்றன. யாரிடம் சொல்வதுபோல் யார் காதில் போட்டாள் என்பதற்கு அந்தப் பட்டியலில் தனி இடம் தெரியவில்லை. இந்த இடைவெளிதான் சிக்கல். இது கிடைத்த பிறகு தலைப்பும் தானாகச் சுருங்கிவிடும்: "குறுந்தொகையில் தோழியின் அறத்தொடு நிற்றல்: தொல்காப்பிய வகைப்பாடும் கூற்றுச் சூழலும்".

நோக்கங்கள் இப்படி ஆகும்:

1. குறுந்தொகையில் தோழி அறத்தொடு நிற்பதாகக் கூற்றுக் குறிப்பு சுட்டும் பாடல்களையும், குறிப்பு சுட்டாவிடினும் அவ்வாறு பொருள்கொள்ள இடமுள்ள பாடல்களையும் தனித்தனியே தொகுத்தல்.
2. தொகுத்த பாடல்களைத் தொல்காப்பியம் கூறும் ஏழு வகைகளோடு பொருத்தி, ஒரு வகையில் அடங்குவன, ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் அடங்குவன, எதிலும் அடங்காதன எனப் பிரித்தல்.
3. முழுமையாகப் பொருந்தாத பாடல்களில் விளிக்கப்படுபவரும் கேட்கக் கருதப்படுபவரும் வேறுபடும் சூழலை விளக்குதல்.

முதல் நோக்கத்தில் ஏன் இரண்டு பட்டியல் என்று கேட்பார்கள். பாடலுக்குக் கீழே "தோழி அறத்தொடு நின்றது" என்று வரும் குறிப்பு புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்க்கப்பட்டது. அந்தக் குறிப்பை எழுதியவரே தொல்காப்பிய மரபைக் கற்றவராக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் குறிப்பை நம்பிப் பாடலைத் தேர்ந்தெடுத்து, அதைத் தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டு, "பொருந்துகிறது" என்று முடிவு சொல்வது சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பதாகும். இரண்டு பட்டியலையும் பிரித்து வைத்தால் அந்தக் குறை எவ்வளவு என்று காட்ட முடியும். முன்மொழிவைப் படிக்கும் குழு இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே மீதியை நம்பிக்கையோடு படிக்கும்.

எத்தனை நோக்கம் இருக்கலாம்?

மூன்று போதும், நான்கு வரை தாங்கும். இரண்டு நோக்கத்துக்கு ஒரே பாடல்கள், ஒரே செயல் என்று வந்தால் அவை ஒன்றுதான்.

இலக்கிய ஆய்வுக்குக் கருதுகோள் தேவையா? எல்லோரும் போடுகிறார்கள் என்று நானும் ஒன்று போட்டிருக்கிறேன்.

உங்கள் துறையின் படிவத்தில் அந்தத் தலைப்பு இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஆய்வு வினாவே போதும். ஆனால் போடுவதென்றால் பொய்த்துப்போகக் கூடியதாக இருக்கட்டும். "தோழி தலைவியின் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறாள் என்பது இவ்வாய்வின் கருதுகோள்" என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க முடியாததைச் சோதிக்கவும் முடியாது. நம் வரைவுக்கு இப்படி எழுதலாம்: "தோழி செவிலியை நேரே விளித்துப் பேசும் பாடல்கள் ஏழு வகைகளில் எளிதில் அடங்கும், பிறரை விளித்துச் செவிலி கேட்கப் பேசும் பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் அடங்கும் அல்லது எதிலும் அடங்கா என்பது கருதுகோள்." பாடல்களைப் பிரித்துப் பார்த்தபின் இது தவறு என்று வந்தாலும் ஆய்வு வீண் இல்லை. அதுவும் ஒரு முடிவுதான்.

முன்னுரையே நான்கு பக்கம். எதை வெட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே தேவை போலத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பத்தியில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், சொல்ல நினைத்ததை அல்ல. மாதிரி வரைவில் இப்படி வரும்: தமிழின் தொன்மை, சங்கம் பற்றிய செய்தி, எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும், அகமும் புறமும், ஐந்திணை, களவும் கற்பும், தோழி யார், அறத்தொடு நிற்றல். எட்டாவது பத்தியில்தான் ஆய்வு ஆரம்பிக்கிறது. முதல் ஆறும் தமிழ்த்துறைக் குழுவில் இருக்கும் ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தை எடுக்காமல் முன்னுரை எழுதினால் மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள் போல.)

அந்த எட்டாவது பத்தியை முதலில் கொண்டுவாருங்கள். திருத்திய தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"களவு வெளிப்படும் முறைகளுள் ஒன்றான அறத்தொடு நிற்றலைத் தொல்காப்பியப் பொருளியல் ஏழு வகையாகப் பகுக்கிறது. இப்பகுப்பு தோழி கூறும் செய்தியை அடிப்படையாகக் கொண்டது. குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றில் தோழி பிறரை விளித்துச் செவிலி கேட்கப் பேசுகிறாள் (எ-டு: குறுந். 23). இத்தகைய பாடல்களை ஏழு வகைகளுள் எதில் வைப்பது என்பது தெளிவாக இல்லை."

நான்கு வாக்கியம். மரபு என்ன சொல்கிறது, அது எதை வைத்துச் சொல்கிறது, எங்கே இடிக்கிறது, அதனால் என்ன தெரியவில்லை. இதற்குப் பின்னால் முன்னாய்வுகள், ஆய்வு வினா, நோக்கங்கள், எல்லை, சான்றுகள், அணுகுமுறை, இயல் பகுப்பு என்று போனால் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதி எழுப்பிய கேள்விக்குப் பதிலாக வரும். துறையின் படிவம் வேறு வரிசை கேட்டால் அதையே பின்பற்றுங்கள், ஆனால் இந்தத் தொடக்கப் பத்தியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன்னாய்வுகள் பகுதியில் பெயர், ஆண்டு, தலைப்பு எல்லாம் வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். "இது பட்டியல்" என்கிறார்கள்.

பட்டியல்தான். ஆண்டு வரிசையை விட்டுவிட்டு அந்த ஆய்வுகள் உங்கள் சிக்கலுக்கு எவ்வளவு அருகில் வருகின்றன என்ற வரிசையில் அடுக்குங்கள். தோழி பாத்திரத்தைப் பொதுவாகப் பேசியவை ஒரு பத்தி, அறத்தொடு நிற்றலைத் தனியாக எடுத்தவை ஒரு பத்தி, கூற்றுக் குறிப்புகளின் நம்பகத்தன்மையை விவாதித்தவை ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியும் அவை எதுவரை வந்து நின்றன என்பதில் முடிய வேண்டும். "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள், அதைப் படித்ததும் குழுவில் ஒருவர் யாரோ ஆராய்ந்த நூலை நினைவுக்குக் கொண்டுவந்துவிடுவார். "பார்வைக்குக் கிடைத்த ஆய்வுகள் செய்தியை வைத்து வகைப்படுத்துகின்றன, கேட்பவரை வைத்து வகைப்படுத்தவில்லை" என்பது பாதுகாப்பானது, துல்லியமானதும் கூட. ஆனால் உண்மையாகவே தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லையைக் குறுந்தொகையோடு நிறுத்தினால் "ஏன் நற்றிணை இல்லை?" என்று கேட்க மாட்டார்களா?

கேட்பார்கள். காரணத்தை நீங்களே எழுதிவிட்டால் கேள்வி அடங்கும். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெரும்பாலும் 4 முதல் 8 அடி. அவ்வளவு சிறிய பாடலில் சூழலைச் சொல்ல இடமில்லை, அதனால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதற்குக் கூற்றுக் குறிப்பை நம்ப வேண்டிய கட்டாயம் அதிகம், நம் சிக்கலும் அங்கேதான் கூர்மையாக இருக்கிறது. இது காரணம். "கால அளவு கருதி" என்பது காரணம் இல்லை, சாக்கு.

குறிஞ்சிப்பாட்டைப் பற்றியும் ஒரு வாக்கியம் வேண்டும். 261 அடியும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்பதாகவே அமைந்த பாட்டு அது, அதைத் தொடாமல் இந்தத் தலைப்பில் எழுதுவது கண்ணில் குத்தும். முதன்மைச் சான்றாக வேண்டாம், செவிலியை நேரே விளித்துப் பேசும் நீண்ட வடிவத்துக்கு ஒப்பீடாக வைத்துக்கொள்வதாகச் சொன்னால் போதும். அதேபோல எந்தப் பதிப்பு என்றும் சொல்லுங்கள். 1915இல் வந்த சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பா, 1937இல் வந்த உ.வே.சா. பதிப்பா, பாடமோ குறிப்போ வேறுபட்டால் எதைக் கொள்வீர்கள்? தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையா, நச்சினார்க்கினியர் உரையா? நூற்பா எண் உரைக்கு உரை மாறும் என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் அடிக்குறிப்புகளே குழம்பும்.

முறையான நடை என்றால் "நான்" வரவே கூடாதா? எல்லாவற்றையும் "ஆராயப்படுகிறது" என்று மாற்றிவிடலாமா?

எல்லாவற்றையும் மாற்றினால் யார் செய்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். "வகைப்பாடு முழுமையற்றதாகக் கருதப்படுகிறது" என்றால் கருதுவது யார்? நீங்களா, முன்னாய்வாளரா? உங்கள் செயலுக்கு "இவ்வாய்வு" எழுவாயாக வரட்டும்: "இவ்வாய்வு பாடல்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கும்." பிறர் கருத்துக்கு அவர் பெயரே எழுவாய். செயப்பாட்டுவினை, செய்பவர் யாரென்பது முக்கியமில்லாத இடத்துக்கு மட்டும்.

காலத்தையும் கவனியுங்கள். நூல்கள் சொல்வது நிகழ்காலம், முன்னாய்வாளர் செய்தது இறந்தகாலம், நீங்கள் செய்யப்போவது எதிர்காலம். இன்னும் ஆரம்பிக்காத ஆய்வில் "கண்டறியப்பட்டுள்ளது" என்று வருவதைப் பல வரைவுகளில் பார்க்கலாம், அது முடிந்த ஆய்வேட்டின் முன்னுரையைப் பார்த்து எழுதியதன் அடையாளம்.

பேச்சுச் சொற்கள் "நிறைய", "ரொம்ப", "பற்றி" என்பதற்குப் பதில் வரும் "பத்தி" போன்றவை கண்ணில் படும், எளிதில் மாற்றிவிடலாம். கண்ணில் படாதது புகழ்ச்சி. "தோழி மிக நுட்பமாகவும் சாமர்த்தியமாகவும் தலைவியைக் காப்பாற்றும் அழகு வியக்கத்தக்கது" என்பதில் ஒரு கொச்சைச் சொல் கூட இல்லை, ஆனாலும் இது ஆய்வு நடை இல்லை. நுட்பம் எது என்று காட்டினால் சரியாகிவிடும்: "தோழி தலைவனைப் பெயரிட்டுச் சுட்டாமல் அவன் குன்றத்தைச் சுட்டுகிறாள்."

நீளமாக எழுதினால்தான் ஆய்வு நடை போல இருக்கிறது. சுருக்கினால் பள்ளிக் கட்டுரை மாதிரி ஆகிவிடுமே?

நீளம் பிரச்சினை இல்லை, எச்சங்களைத் தொடுத்துக்கொண்டே போவதுதான் பிரச்சினை. இதைப் பாருங்கள்: "அறத்தொடு நிற்றல் பாடல்களைத் தொகுத்து, தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டு, அவை ஏழு வகையில் அமைந்து, தோழியின் அறிவுத்திறன் வெளிப்படுகிறது." தொகுத்தவர் ஆய்வாளர், அமைந்தவை பாடல்கள், வெளிப்படுவது அறிவுத்திறன். செய்து என்னும் எச்சத்தின் வினைமுதலும் முடிக்கும் வினையின் வினைமுதலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் வினையியலிலேயே சொன்ன விதி, தொல்காப்பியத்தை ஆராயும் வரைவில் அது மீறப்பட்டால் கொஞ்சம் சங்கடம்தான். ஒவ்வொரு எச்சத்துக்கும் யார் என்று கேட்டு, ஆள் மாறும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

"மேலும்", "எனவே", "ஆகவே" இவற்றையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லையென்றால் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே உண்மையில் தொடர்பு இல்லை, இணைப்புச் சொல் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

இயல் பகுப்பை எப்படிச் சரிபார்ப்பது?

நோக்கங்களையும் இயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கோடு போடுங்கள். பழைய வரைவில் இயல் 1 சங்க இலக்கிய அறிமுகம், இயல் 2 தொல்காப்பிய அறிமுகம், இயல் 3 தோழி. முதல் இரண்டுக்கும் எந்த நோக்கத்திலிருந்தும் கோடு வராது. புதியதில் இயல் 1 அறத்தொடு நிற்றல் பற்றிய நூற்பாவும் உரைகளும், இயல் 2 பாடல் தொகுப்பும் கூற்றுக் குறிப்பின் நம்பகமும், இயல் 3 ஏழு வகையோடு பொருத்தம், இயல் 4 விளிக்கப்படுபவரும் கேட்பவரும். இயல் 1க்கு நோக்கத்திலிருந்து நேரடிக் கோடு இல்லையே என்றால், அது இரண்டாம் நோக்கத்துக்கான அளவுகோலைத் தயாரிக்கிறது, அதை அணுகுமுறைப் பகுதியில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். தொல்காப்பியத்தை அளவுகோலாகத்தான் கொள்கிறீர்கள், புலவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள் என்று வாதிடவில்லை என்பதையும் அங்கேயே சேர்த்துவிட்டால் கால முற்பாடு, பிற்பாடு பற்றிய விவாதம் வாய்மொழித் தேர்வை விழுங்கிவிடாது.

பிழை திருத்தம் எப்போது?

இப்போது. "ஆய்வு சிக்கல்" என்பது "ஆய்வுச் சிக்கல்" ஆகட்டும், தலைவி ஒரு பக்கத்தில் தலைவியாகவும் அடுத்த பக்கத்தில் நாயகியாகவும் வந்தால் ஒன்றாக்குங்கள், "கூற்றுக் குறிப்பு" என்று ஆரம்பித்ததை "துறைக்குறிப்பு", "கொளு" என்று நடுவில் மாற்றாதீர்கள். அப்புறம், தலைப்பு மாறிவிட்டதால் துணைநூற்பட்டியலில் பழைய தலைப்புக்காகச் சேர்த்த நூல்கள் அப்படியே கிடக்கும், அவற்றையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.